36-ஆவது வாரம்: மாலையில் வயிறு இறுகுகிறது, இரவில் கால் அடங்குவதில்லை

பொருநைப்பெண் (கல்லிடைக்குறிச்சி)

நேற்று இரவு தூக்கம் வராமல் நாட்குறிப்பில் எழுதியதை அப்படியே இங்கே இடுகிறேன். கேள்வி கடைசியில் இருக்கிறது. பெற்றவர்கள் பதில் சொல்லுங்கள்.

*வெள்ளிக்கிழமை, இரவு.* இன்றோடு 36 வாரம் நிறைகிறது. கார்த்திகை மழை காலையிலிருந்து விடவில்லை. அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிகளை அம்மா பரணிலிருந்து எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டு அலசினாள். கரை மட்டும் விறைப்பாக இருக்கும், பிள்ளையின் தோலில் உரசும் என்று கரையை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள். வேட்டித் துணி நூலோட்டம் பார்த்துக் கிழித்தால் நேராக வரும், கத்தரித்தால் கோணிக்கொள்ளும். பட்டாசல் முழுவதும் கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறோம். வெயில் இல்லாததால் ஒன்றும் முழுதாகக் காயவில்லை. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும் என்பதால் ஒவ்வொன்றாகத் தேய்ப்புப் பெட்டி வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே முதுகு பிடித்துக்கொண்டது.

ஒரு வேலையையும் முடிக்க முடியவில்லை. தேய்ப்பேன், எழுந்து போய் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். மறுபடி பீரோவைத் திறப்பேன். எல்லாம் எடுத்து வைத்தாயிற்று என்று தெரிந்தும் கை சும்மா இருக்க மறுக்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நடையில் நின்று எட்டிப் பார்த்து, "இன்னும் ஆகவில்லையா?" என்கிறார்கள். இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது. அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். 38-ஆவது வாரத்தில் விடுப்பு போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் ஏதாவது ஆனால் என்ற நினைப்பு வராத மணி நேரம் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு மேல் வயிறு முழுவதும் கல்லாக இறுகுகிறது. வலி என்று சொல்ல முடியாது. அரை நிமிடம் இருந்துவிட்டுத் தளர்கிறது. பிறகு பத்து நிமிடத்திலும் வருகிறது, ஒரு மணி நேரம் கழித்தும் வருகிறது. அம்மா உடனே சீரகம் கொதிக்க வைத்து ஒரு பெரிய டம்ளர் நிறையத் தருகிறாள். "சூட்டு வலி என்றால் நின்றுவிடும், பிள்ளை வலி என்றால் கூடும்" என்கிறாள். குடித்துப் படுத்தால் நின்றுவிடுகிறது.

படுத்த பிறகுதான் கால்களின் தொல்லை. கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதாகத் தோன்றுகிறது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. எழுந்து பட்டாசலின் குளிர்ந்த தரையில் நடந்தால் உடனே அடங்குகிறது. படுத்ததும் திரும்ப வருகிறது. துணிக்கொடிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடக்கிறேன். அம்மா விழித்துக்கொண்டு, "நடக்கிறாயா? நட, பிள்ளை சீக்கிரம் இறங்கும்" என்கிறாள். எனக்கு இப்போது இறங்க வேண்டாம் என்றிருக்கிறது.

இன்று பகலில் பிள்ளையின் அசைவு கொஞ்சம் குறைவாக இருந்ததாக ஒரு நினைப்பு. கடைசி மாதத்தில் இடம் இல்லாததால் பிள்ளை அடங்கிக் கிடக்கும் என்று ஆச்சி சொல்கிறாள். இரவில் விலாவுக்கு அடியில் நன்றாகத் தள்ளியது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை.

*நாட்குறிப்பு இவ்வளவுதான்.* என் கேள்வி இது: நான் பதிவு செய்திருக்கும் மருத்துவமனை பாளையங்கோட்டையில் இருக்கிறது. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம், மழையில் இன்னும் கூடும். எந்த அறிகுறி வந்தால் யாரையும் கேட்காமல் கிளம்பிவிட வேண்டும்? எதற்குப் பொறுத்திருக்கலாம்?

---

வள்ளியூர் வசந்தம்

தங்கச்சி, பதற வேண்டாம். எனக்கும் முதல் பிள்ளைக்கு இப்படித்தான் இருந்தது. அம்மா சொல்வது சரி, இது சூட்டு வலிதான். மெய்யான வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நிற்கும். ஒரு மணி நேரம் அப்படியே தொடரும். அதற்கு முன்னால் போனால் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னை அப்படித்தான் அனுப்பினார்கள். நள்ளிரவில் போய் விடியற்காலையில் திரும்பி வந்து, அடுத்த வாரம்தான் பிள்ளை பிறந்தது.

கால் தொல்லை சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. கேழ்வரகுக் கூழும் பாலும் குடி. அசைவு குறைவது பற்றி ஆச்சி சொன்னதே சரி. பிள்ளை பெரியதாகிவிட்டால் புரள இடம் ஏது?

---

நாங்குநேரி தம்பி

அக்கா, வண்டி விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இது எட்டாவது மாதம். கார் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர் வெளியூர் போகும் நாளில் மற்றவர் ஊரில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. 108-க்குக் கூப்பிட்டாலும் வரும். ஆனால் எங்கள் ஊரிலிருந்து நீங்கள் விரும்பும் மருத்துவமனைக்கே கொண்டுபோவார்கள் என்று சொல்ல முடியாது. அருகில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் போவார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் கல்லிடையிலிருந்து செங்கோட்டை ரயிலில் போகலாம் என்று யோசிக்கிறீர்களா? வலியோடு ரயிலில் போக வேண்டாம்.

---

பொருநைப்பெண்

தம்பி, வண்டி இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் காரை அப்பா சொல்லி வைத்துவிட்டார். எதில் போவது என்பதல்ல, எப்போது போவது என்பதுதான் தெரியவில்லை.

---

அம்பைச் செவிலி (ஓய்வு)

மகளே, கிராமச் செவிலியராக நெடுங்காலம் இருந்தவள் நான். வசந்தம் சொன்னதில் பாதி நல்ல யோசனை. மீதிப் பாதி உனக்கு இப்போது பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்து நிமிடக் கணக்கு 37 வாரம் முடிந்தவர்களுக்கு. உனக்கு 36 இப்போதுதான் நிறைந்திருக்கிறது. இந்த வாரத்தில் மெய்யான வலி எடுத்தால் அது குறைமாதப் பிரசவம். 36 வாரத்தில் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருப்பார்கள். ஆனால் சிலருக்கு மூச்சு இரைக்கும், சர்க்கரை குறையும், மஞ்சள் காமாலை கூடுதலாக இருக்கும், பால் இழுக்கத் தெம்பு இருக்காது. அதனால் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்தில் பிறக்க வேண்டும். நீ போக ஒரு மணி நேரம் ஆகும் என்கிறாய். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் காரில் போவது சரிப்படாது.

இப்போது உன் மாலை நேர இறுக்கத்தைப் பார்ப்போம். நீ எழுதியதை வைத்துச் சொன்னால் அது பொய் வலிதான். இடைவெளி ஒழுங்காக இல்லை, நேரம் போகப் போகக் கூடவில்லை, படுத்தால் நிற்கிறது. மெய் வலி பெரும்பாலும் இடுப்பின் பின்பக்கத்தில் தொடங்கி முன்னால் அடிவயிற்றுக்கு வரும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளும், இடைவெளி குறையும். படுத்தாலும் நடந்தாலும் அதன் போக்கு மாறாது.

சீரகத் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். உன் அம்மா தருவது ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். உடலில் தண்ணீர் குறைந்தால் கர்ப்பப்பை இறுகும். மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் இறுகும். தண்ணீர் குடித்து, கழிப்பறை போய்விட்டு வந்து, இடப்பக்கமாகப் படுத்தால் பொய் வலி தணியும். சீரகம் இல்லாத வெறுந்தண்ணீரும் இதைச் செய்யும். அதனால் அம்மா தருவதைத் தாராளமாகக் குடி. ஆனால் ஒரு எச்சரிக்கை. மெய் வலியும் தொடக்கத்தில் சற்று நேரம் தணிந்து பிறகு வரும். சீரகத் தண்ணீர் குடித்தோம், கொஞ்சம் குறைந்தது, ஆகவே ஒன்றுமில்லை என்று மறுநாள் காலைவரை பார்த்திருந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்ப்பதை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதே.

உனக்கு நான் சொல்லும் கணக்கு இது. இறுக்கம் வந்தால் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, இடப்பக்கம் படு. கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றும் தொடங்கும் நேரத்தை எழுது. ஒன்று தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ளதுதான் இடைவெளி, முடிந்ததிலிருந்து எண்ணக்கூடாது. ஒரு மணி நேரம் படுத்த பிறகும் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பு. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். உள்ளே பரிசோதித்து வாய் திறக்கவில்லை என்று சொல்லி அனுப்பினால், நீ கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று பொருள்.

கடிகாரம் பார்க்காமலே கிளம்ப வேண்டியவை தனி. பனிக்குடம் உடைந்து தண்ணீர் வந்தால், வலியே இல்லாவிட்டாலும் கிளம்பு. வெள்ளைத் துணி வைத்துக்கொள், நிறம் தெரியும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் போனிலேயே அதைச் சொல்லிவிடு. சளி போலக் கொஞ்சம் இரத்தம் கலந்து வருவது வேறு, தீட்டு போல இரத்தம் படுவது வேறு. இரண்டாவது வந்தால் நிற்காதே. தலைவலி விடாமல் இருந்து கண் மங்கினால், அல்லது மேல்வயிற்றில் வலி வந்தால், அது இரத்தக் கொதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கும் உடனே கிளம்பு. பிள்ளையின் அசைவு குறைந்தாலும் கிளம்பு.

---

வள்ளியூர் வசந்தம்

அக்கா, 37 வாரக் கணக்கு எனக்குத் தெரியாது. எனக்கு வலி எடுத்தபோது நாள் நெருங்கிவிட்டிருந்தது, அதனால்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. ஆனால் அசைவு குறையாது என்கிறீர்களா? என் இரண்டு பிள்ளைகளும் கடைசியில் அடங்கித்தான் இருந்தார்கள். இருவரும் நன்றாகத்தான் பிறந்தார்கள்.

---

கடையத்து மதினி

வசந்தம் அக்கா, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

37 வாரம் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. காலையில் எழுந்ததிலிருந்தே பிள்ளை மந்தமாக இருந்ததாகத் தோன்றியது. வீட்டில் வேலை இருந்தது, அதில் கவனம் போய்விட்டது. மதியம் சாப்பிட்ட பிறகு வழக்கமாக நன்றாக உதைக்கும். அன்று உதைக்கவில்லை. மாமியாரிடம் சொன்னேன். "பிறக்கப் போகிற பிள்ளை தெம்பைச் சேர்த்துக்கொள்ளும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் அறைக்குள் போய், செல்போனை அணைத்து வைத்துவிட்டு, இடப்பக்கம் படுத்து வயிற்றில் கை வைத்து எண்ணினேன். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது தெரிய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்குதான் தெரிந்தது, அவையும் மெல்லியவை. இவரைக் கூப்பிட்டுப் போய்விட்டேன். அங்கே வயிற்றில் இரண்டு பட்டை கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் ஓடவிட்டார்கள். துடிப்பு எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கோடு ஏறி இறங்காமல் ஏறக்குறைய நேராகவே போனது. தண்ணீர் கொடுத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, மறுபடி எடுத்தார்கள். அப்போதும் அப்படியே. பிறகு ஸ்கேனில் பனிக்குட நீர் மிகக் குறைந்திருந்தது தெரிந்தது. 37 முடிந்துவிட்டதால் இனி உள்ளே வைத்திருப்பதில் பயனில்லை என்று மருந்து வைத்தார்கள். இரவில் வலியின்போது துடிப்பு இறங்கவே அறுவை செய்து எடுத்தார்கள். பிள்ளை 2.3 கிலோ. இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள்.

மறுநாள் காலைவரை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பார்த்திருக்கவில்லை என்பது போதும்.

---

அம்பைச் செவிலி (ஓய்வு)

மதினி செய்த முறையைத்தான் நானும் சொல்லவிருந்தேன். ஒன்று சேர்க்கிறேன். கடைசி மாதத்தில் அசைவின் விதம் மாறும். முன்பு படக்கென்று உதைத்தது இப்போது மெல்லப் புரளும், நெளியும், விலாவைத் தள்ளும். வசந்தத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். உதை குறைந்ததை அசைவே குறைந்ததாக நினைத்திருக்கலாம். விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக்கூடாது. பிள்ளை தூங்கும் நேரம் உண்டு, பெரும்பாலும் இருபது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் வரை. அதனால்தான் இரண்டு மணி நேரம் எண்ணச் சொல்கிறோம். சாப்பிட்ட பிறகு, பிள்ளை வழக்கமாக ஆடும் நேரத்தில் எண்ண வேண்டும். அசைவு குறைந்தது என்று போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுதான் அனுப்புவார்கள். அதற்காகப் போகாமல் இருக்கக்கூடாது. மறுநாள் மறுபடி குறைந்தால் மறுபடி போக வேண்டும்.

பொருநை, நேற்றுப் பகலில் குறைவாகத் தோன்றியதாகச் சொன்னாயே. இந்தப் பதிவைப் படித்ததும் சாப்பிட்டுவிட்டு எண்ணு. பத்து வராவிட்டால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிராதே, கிளம்பிவிடு.

---

பொருநைப்பெண்

எண்ணிவிட்டேன் அக்கா. ஒரு மணி நேரம் ஆவதற்குள் பத்து வந்துவிட்டது. பெரும்பாலும் புரள்வதுதான். நீங்கள் சொன்ன பிறகுதான் அதையும் அசைவில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தது. நேற்று நேரம் முழுக்கத் தேய்ப்புப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நிற்கும்போதும் நடக்கும்போதும் எனக்கு அசைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. கால் பற்றி யாராவது சொல்லுங்கள். வசந்தம் அக்கா சொன்ன சுண்ணாம்புச் சத்து மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறேன்.

---

அம்பைச் செவிலி (ஓய்வு)

கெண்டைக்கால் திடீரென்று முறுக்கிப் பிடித்து வலித்தால் அது தசைப்பிடிப்பு. காலை நீட்டிப் பாதத்தை உன் பக்கமாக மடக்கினால் விடும். நீ சொல்வது அது இல்லை. படுத்தால் ஊர்வது, அசைத்தால் அடங்குவது, இரவில் மட்டும் வருவது, இவை வேறு தொல்லையின் அடையாளம். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இது வருவது உண்டு. இரும்புச் சத்துக் குறைவுதான் பல நேரம் பின்னால் இருக்கும். கடைசியாக இரத்த அளவு எப்போது பார்த்தார்கள் என்று அட்டையில் பார். 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை.

இதற்கு வழி மாத்திரையைக் கூட்டுவது மட்டுமல்ல. எங்கள் பக்கம் காலையில் காபி குடித்த கையோடு இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. காபியும் டீயும் இரும்பை உடலில் சேரவிடாது. சுண்ணாம்பும் அப்படித்தான். இரண்டு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். இரும்பை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும். மாலை காபியை விட்டுப் பார், இரவில் தூக்கத்துக்கும் நல்லது. இதோடு ஒன்று கேட்கிறேன்: உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு இருக்கிறதா? இருந்தால் அது ஈரல் தொடர்பானதாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

---

மேலப்பாளையம் உம்மா

கால் விஷயம் அக்கா சொல்லிவிட்டார். நான் பை பற்றிச் சொல்கிறேன். தங்கச்சி பையைத் திறந்து திறந்து மூடுகிறாள் என்று படித்ததும் எனக்கு என் நாட்கள் நினைவுக்கு வந்தன.

ஒரே பையில் எல்லாவற்றையும் திணிக்காதே அம்மா. தாள்களுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை போடு, மழைக்காலம். தாய் சேய் அட்டை, ஸ்கேன் தாள்கள், இரத்த வகைச் சான்று, ஆதார் நகல். கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை அட்டையில் பார்த்து உன் செல்போனிலும் உன் வீட்டுக்காரர் செல்போனிலும் பதிந்துவை. பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். உன் நைட்டிகள் முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். பிள்ளைக்கு வேட்டித் துணி வைத்திருக்கிறாய், நல்லது. தலைக்கு ஒரு தொப்பியும் காலுக்கு உறையும் வை. கார்த்திகை, மார்கழியில் பிறக்கும் பிள்ளையின் தலை குளிரக்கூடாது. காயாத துணியை வைக்காதே. ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், விரலுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்ததும் பேரீச்சம்பழத்தை மென்று நாக்கில் துளி தடவுவது வழக்கம். உங்கள் பக்கம் சேனைத் தண்ணீர் வைப்பீர்கள். யார் வைப்பது என்று இப்போதே பேசிவிடு, ஆஸ்பத்திரியில் வைத்துச் சச்சரவு வேண்டாம்.

---

அம்பைச் செவிலி (ஓய்வு)

உம்மா சொன்ன தாள்களும் துணியும் அத்தனையும் சரி. சேனை விஷயத்தில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னாலோ பின்னாலோ, ஆறு மாதம்வரை, சர்க்கரைத் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை பிள்ளைக்கு ஆபத்து. 37 வாரத்துக்கு முன்னால் பிறந்துவிட்டால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பிள்ளை எளிதில் களைத்துவிடும், வெளியிலிருந்து வரும் கிருமியையும் தாங்காது. வசம்பு இழைத்த உரை மருந்தையும் தொடாதே.

---

மேலப்பாளையம் உம்மா

அக்கா, உங்களுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். ஒரு துளி இனிப்பு என் பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் மூத்தவர் ஆசையாக முன்வந்து வைப்பதை எப்படி மறுப்பது? பிள்ளையின் நெற்றியில் முத்தம் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட முடியுமா?

---

கடையத்து மதினி

என் வீட்டில் மாமனார் சேனை வைக்கத் தயாராக வந்திருந்தார். நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக் காதில் பெயரை மட்டும் சொன்னார். மனவருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதைப் பிறகு யாரும் பேசவில்லை.

---

பொருநைப்பெண்

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போய் வந்தேன், அதனால் எழுதத் தாமதம்.

பிள்ளை தலைகீழாகத்தான் இருக்கிறது, ஆனால் தலை இன்னும் இறங்கவில்லை. இது முதல் பிள்ளை, இனிமேல்கூட இறங்கலாம் என்றார்கள். வாய் மூடித்தான் இருக்கிறது. மாலை இறுக்கம் பொய் வலிதான் என்று அவர்களும் சொன்னார்கள். செவிலி அக்கா சொன்ன ஒரு மணி நேரக் கணக்கைக் கேட்டேன். தூரம் கருதி அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதயத்துடிப்புப் பட்டையும் கட்டிப் பார்த்தார்கள். கோடு நன்றாக ஏறி இறங்குகிறது.

இரத்தம் 9.4 இருக்கிறது. பிரசவம் நெருங்கிவிட்டதால் மாத்திரையால் மட்டும் ஏற்றப் போதிய நாள் இல்லை என்று இரும்புச் சத்தைக் குளுக்கோஸில் கலந்து ஏற்றப் போகிறார்கள். நாளை மறுநாள் முதல் தவணை. அரிப்பு இல்லை. மாத்திரைகளைத் தனித்தனி வேளைக்கு மாற்றி, அம்மா அடுப்படிச் சுவரில் நேரம் எழுதி ஒட்டிவிட்டாள். கால் இன்னும் ஊர்கிறது; படுக்கும் முன் வெந்நீர் ஊற்றினால் கொஞ்சம் பரவாயில்லை.

துணிகள் எல்லாம் காய்ந்து பைக்குள் போய்விட்டன. உம்மா சொன்னபடி கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்றைத் திரும்பத் தேய்க்க வேண்டியிருந்தது. சேனை பற்றி ஆச்சியிடம் இன்னும் பேசவில்லை. ஆச்சி ஊரிலிருந்து வந்த பிறகு அம்மாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது வீட்டில் வேறு பேச்சு ஓடுகிறது. பாளையில் பெரியம்மா வீடு இருக்கிறது, அங்கே போய்த் தங்கிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் போனில் கேட்கிறார். அப்பாவுக்கு விருப்பமில்லை.

---

நாங்குநேரி தம்பி

அக்கா, போய்விடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்துவிட்டீர்களா? சாலை எத்தனை இடத்தில் அறுந்தது, எத்தனை ஊர் தனித்து நின்றது! ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு அந்த மாதத்தில் நாள் குறித்திருக்கும்போது ஒரு மணி நேரக் கணக்குக்கு உறுதி ஏது? என் மனைவியை நான் 37-ஆவது வாரத்திலேயே அவள் அக்கா வீட்டுக்கு, பாளைக்கு, அனுப்பப் போகிறேன்.

---

வள்ளியூர் வசந்தம்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாய் வீட்டில் கிடைக்கும் தூக்கம் வேறு வீட்டில் கிடைக்காது. இப்போதே தூக்கம் இல்லாதவள். அம்மாவும் கூடப் போவதென்றால் சரி.

---

அம்பைச் செவிலி (ஓய்வு)

மழை எச்சரிக்கை வரும் நாளில் போவதற்குத் தயாராக இரு. மற்ற நாளில் வீட்டில் இரு என்பது என் எண்ணம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிடும் அறிவிப்பு வந்தால், அன்றே கிளம்ப வேண்டும், மறுநாள் அல்ல. அவசரத்தில் பாளைக்குப் போக முடியாவிட்டால், உன் ஊருக்கு எதிர்க்கரையில் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை இருக்கிறது. உன் அட்டையைக் கொண்டுபோய் அங்கே ஒரு முறை காட்டி, பெயரைச் சொல்லி வைத்துவிட்டு வா. நாளை மறுநாள் ஊசி முடிந்ததும் இரத்த அளவை எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று கேட்டு எழுது.

---

பொருநைப்பெண்

அம்பைக்கு நாளைக் காலை அப்பாவோடு போய்க் காட்டிவிட்டு வருகிறேன் அக்கா. பாளைப் பேச்சு இன்னும் முடியவில்லை. அம்மா கூட வர ஒத்துக்கொண்டாள். பசுவை யார் பார்ப்பது என்று அப்பா கேட்கிறார். ஊசி போட்ட பிறகு எழுதுகிறேன்.